நெல் வயலுக்கு அடியில் இறுகிய மண்: பரும அடர்த்தி, துளைவெளி, நீர் ஊடுருவும் வேகம் அளப்பது எப்படி

பல வருடம் நெல் மட்டுமே நட்ட வயலில் கத்தரியோ நிலக்கடலையோ வாழையோ வைக்க முடிவெடுக்கும்போதுதான் இந்தச் சிக்கல் வெளியே தெரியும். மேல்மண் பொலபொலவென்று இருக்கும், ரோட்டவேட்டர் ஓட்டினால் அழகாகப் பொடியும். ஆனால் ஒரு மழை பெய்தால் மூன்று நாள் தண்ணீர் நிற்கும். செடி வெளிறும். பிடுங்கிப் பார்த்தால் வேர் ஒரு சாண் ஆழத்துக்கு மேல் இறங்காமல் பக்கவாட்டில் படர்ந்திருக்கும். அந்த ஆழத்தில் ஒரு இறுகிய தட்டு இருக்கிறது.

தொழி உழவில் அது உருவாகிறது. தண்ணீர் கட்டி உழும்போது மேல் 15 செ.மீ. மண் கரைந்து சேறாகிறது. அந்தச் சேற்றுக்குக் கீழே, ஈரத்தில் ஊறி இளகிய மண்ணின் மேல் டிராக்டர் சக்கரமும் கலப்பையின் அடியும் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை அழுத்திப் போகின்றன. கரைந்த நுண்களியும் இறங்கி அங்குள்ள இடுக்குகளை அடைக்கிறது. நெல்லுக்கு இது நன்மை, ஏனென்றால் தண்ணீர் கீழே ஓடாமல் நிற்கும். மற்றப் பயிருக்கு அதுவே தடை.

தட்டு இருக்கிறதா, எந்த ஆழத்தில், எவ்வளவு கெட்டியாக, உடைப்பது செலவுக்குத் தகுமா என்பதை மூன்று அளவுகளால் கண்டுபிடிக்கலாம். பரும அடர்த்தி மண் எவ்வளவு நெருங்கிக் கிடக்கிறது என்று சொல்லும். அதிலிருந்து கணக்கிடும் துளைவெளி, வேருக்குக் காற்று இருக்கிறதா என்று சொல்லும். நீர் ஊடுருவும் வேகம், அந்தத் துளைகள் ஒன்றோடொன்று இணைந்து தண்ணீரை விடுகின்றனவா என்று சொல்லும். இந்த மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுத்தால் ஏமாறுவது நிச்சயம். ஏன் என்பது கீழே உள்ள கணக்கிலேயே தெரியும்.

எப்போது, எங்கே

மண் உழவுப் பதத்தில் இருக்கும்போது அளக்க வேண்டும். டெல்டாப் பகுதியில் சம்பா அறுவடைக்குப் பின், வெடிப்பு விழுவதற்கு முன் வரும் நாட்கள் மிகப் பொருத்தம். ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். பென்சிலை விட மெல்லிய திரியாக உடையாமல் நீண்டால் ஈரம் அதிகம், இரண்டு மூன்று நாள் பொறுக்கவும். உருட்டவே முடியாமல் கட்டியாக உடைந்தால் காய்ந்துவிட்டது. காய்ந்த களியில் வளையம் இறங்காது, இறங்கினாலும் மண்ணை நொறுக்கிவிடும். ஈரக்களியில் வளையமே மண்ணை அமுக்கி, இல்லாத இறுக்கத்தைக் காட்டும்.

வயலின் மூலை, வாய்மடை, டிராக்டர் திரும்பும் தலைமாடு ஆகிய இடங்களைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அவை வயலின் சராசரி அல்ல. வயலின் நடுப்பகுதியில் ஒன்றுக்கொன்று விலகிய மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டடிக்கு இரண்டடி அகலத்தில் 50 செ.மீ. ஆழக் குழி வெட்டுங்கள். ஒரு சுவரை மட்டும் தொடாமல் விடுங்கள். அந்தப் பக்கம் யாரும் ஏறி மிதிக்கக் கூடாது, வெட்டிய மண்ணையும் அங்கே கொட்டக் கூடாது. இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். மிதித்த மண்ணை அளந்துவிட்டு வயல் இறுகிவிட்டது என்று சொல்வதில் பயனில்லை.

முதலில் ஒரு சமையலறைக் கத்தி போதும். சுவரில் மேலிருந்து கீழாக இரண்டு விரற்கடைக்கு ஒரு குத்து குத்திக்கொண்டே இறங்குங்கள். தட்டு வந்ததும் கத்தி சட்டென்று நிற்கும், அதைத் தாண்டியதும் மறுபடி எளிதாக இறங்கும். அந்த இரண்டு ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தட்டின் ஒரு துண்டைப் பெயர்த்து எடுத்தால் அது உருண்டையாக உதிராமல் படுக்கைவாட்டில் அடுக்கடுக்காகப் பிரியும். பழைய நெல் வேர்கள் அந்த அடுக்குகளுக்கு இடையில் தட்டையாக நசுங்கிக் கிடக்கும். இந்தக் காட்சியே பாதி விடையைத் தந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் எண்கள்.

பரும அடர்த்தி: வளைய முறை

குலையாத மண்ணை அளவு தெரிந்த வளையத்தில் எடுத்து, உலர்த்தி, எடையை வளையத்தின் கனஅளவால் வகுப்பதுதான் முறை. தேவையானது ஒரு லேத் பட்டறையில் வெட்டி வாங்கும் இரும்பு வளையம். உள்விட்டம் 7 செ.மீ., உயரம் 6 செ.மீ., சுவர்த் தடிப்பு 2 மி.மீ.க்குள். கீழ்விளிம்பை வெளிப்பக்கமாக மட்டும் சரித்துக் கூராக்கச் சொல்லுங்கள். உள்பக்கம் சரித்தால் வளையம் இறங்கும்போதே மண்ணை உள்நோக்கி நெருக்கும். இந்த வளையத்தின் கனஅளவு 3.1416 × 3.5 × 3.5 × 6 = 231 கன செ.மீ. பட்டறையில் சொன்ன அளவை நம்பாமல் கையில் வந்ததும் காலிப்பரால் அளந்து கணக்கிடுங்கள். இதைவிடச் சின்ன வளையமும் பயன்படும், ஆனால் வளையம் சிறிதாகச் சிறிதாக ஓரத்தில் நேரும் பிசகு பெரிதாகும்.

அளக்கும் ஆழத்தில் குழிச் சுவரை ஒட்டி ஒரு சமமான படி வெட்டுங்கள். வளையத்தை வைத்து, அதன் மேல் அதே குழாயில் வெட்டிய இன்னொரு வளையத்தை வைத்து, அதன் மேல் மரக்கட்டையை வைத்து, சுத்தியலால் சிறு சிறு அடியாக நேராக இறக்குங்கள். கீழ் வளையத்தின் மேல்விளிம்பு மண் மட்டத்துக்கு ஓரிரு செ.மீ. கீழே போகட்டும். மேல் வளையம் இல்லாமல் அடித்தால் கட்டையே மண்ணை அமுக்கிவிடும். வளையம் சாய்ந்தால் ஆட்டி நிமிர்த்தாதீர்கள். ஓரத்தில் இடைவெளி விழுந்துவிடும், அதனால் பக்கத்தில் புதிதாக ஆரம்பிப்பதே நல்லது.

இறக்கியதும் உள்ளே எட்டிப் பாருங்கள். வளையத்துக்குள் இருக்கும் மண் மட்டம் வெளி மட்டத்தை விட 2, 3 மி.மீ.க்கு மேல் தாழ்ந்திருந்தால் மண் அமுங்கிவிட்டது. அந்த மாதிரியைக் கொட்டிவிடுங்கள். சரியாக இருந்தால் சுற்றிலும் தோண்டி, அடியில் தகட்டை நுழைத்து, முழுதாக எடுத்து, இரண்டு முனையையும் கூரான கத்தியால் விளிம்போடு விளிம்பாகச் சீவுங்கள். பெரிய வேர் துருத்தினால் கத்தரியால் வெட்டவும், இழுத்தால் மண்ணும் சேர்ந்து வரும். சீவும்போது பள்ளம் விழுந்தால் மண்ணை வைத்து அடைக்கும் ஆசை வரும், அதைச் செய்யாதீர்கள். 6 செ.மீ. உயர வளையத்தில் ஒரு முனை 3 மி.மீ. உயர்ந்திருந்தாலே 5 சதவீதப் பிழை. 1.50 ஆக இருக்க வேண்டியது 1.58 என்று வரும், அது முடிவையே மாற்றும்.

மண் முழுவதையும் பாலித்தீன் பையில் போட்டு, காற்றில்லாமல் கட்டி, இடமும் ஆழமும் எழுதி, அன்றே எடை போடுங்கள். ஒரு கிராம் துல்லியமுள்ள எலெக்ட்ரானிக் தராசு போதும். இந்த ஈர எடையைத் தவறவிடக் கூடாது, காற்றின் கணக்கு முழுவதும் அதை நம்பியிருக்கிறது. பிறகு 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி, ஆறியதும் மறுபடி எடை. கனமான களியை இன்னும் சில மணி நேரம் வைத்து, எடை மேலும் குறையவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மண் பரிசோதனை நிலையத்திலோ கல்லூரி ஆய்வகத்திலோ அந்த அடுப்பு இருக்கும். அது கிடைக்காவிட்டால், முழு மாதிரியின் ஈர எடையைக் குறித்துக்கொண்டு, நன்றாகக் கலந்த மண்ணில் 100 கிராம் எடுத்து மைக்ரோவேவில் நான்கு நான்கு நிமிடமாக, எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை உலர்த்தி, அந்த விகிதத்தை முழு மாதிரிக்கும் போடலாம். வாணலியில் வறுத்தால் மண்ணில் உள்ள மக்கு கருகிப் போகும். வெயிலில் காயவைத்தால் களிமண் சில சதவீத ஈரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். இரண்டுமே வேண்டாம்.

உலர் எடை கிராமில், கனஅளவு கன செ.மீ.யில். வகுத்தால் பரும அடர்த்தி.

சரளை கலந்த செம்மண்ணில் வளையம் சரிவராது. அங்கே ஒரு சிறு குழி தோண்டி, எடுத்த மண் முழுவதையும் உலர்த்தி எடை போட்டு, குழிக்குள் மெல்லிய பாலித்தீன் விரித்து மட்டம் வரை தண்ணீர் ஊற்றி, எத்தனை மி.லி. பிடித்தது என்பதைக் கனஅளவாகக் கொள்ளலாம். 2 மி.மீ.க்கு மேற்பட்ட கல்லைச் சலித்து, அதன் எடையையும் கனஅளவையும் கழித்துவிடுங்கள். கரிசலில் வேறொரு தொல்லை உண்டு. அது ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் மண், ஆகவே அதன் பரும அடர்த்தி ஒரே எண்ணாக நிற்காது. அளந்த அன்றைய ஈரத்தையும் சேர்த்தே எழுதி, அதே ஈரத்தில் எடுத்த அளவோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

எண்ணை எப்படிப் படிப்பது

எல்லா மண்ணுக்கும் ஒரே எல்லை கிடையாது. மணல் இயல்பிலேயே 1.6 காட்டும், அது நல்ல மணல். அதே 1.6 கனமான களியில் வந்தால் வேர் நுழையாது. அமெரிக்க வேளாண் துறையின் மண்வளக் கையேடுகள் தரும் பொது வழிகாட்டல் இப்படி: மணலில் 1.80க்கு மேல் போனால் வேர் தடைபடும். களி கலந்த வண்டலில் 1.40க்குக் கீழ் இருந்தால் நல்லது, 1.60 அளவில் வேர் வளர்ச்சி பாதிக்கத் தொடங்கும், 1.75க்கு மேல் தடைபடும். 45 சதவீதத்துக்கு மேல் களியுள்ள மண்ணில் 1.47ஐத் தாண்டினாலே தடை.

இந்த எல்லைகளைவிட நம்பகமானது அதே வயலிலேயே ஒப்பிடுவது. தட்டுக்குக் கீழே சக்கரத்தின் அழுத்தம் எட்டாத மண்ணும், பக்கத்தில் தொழி அடிக்காத தென்னந்தோப்பின் மண்ணும் நல்ல ஒப்பீடு. மண்ணின் வகை ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வரப்பு மண்ணை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள், அது வெட்டிக் கொட்டி மிதித்த மண்.

துளைவெளி: இன்னொரு கழித்தல்

மண் துகளின் அடர்த்தி பெரும்பாலான வயல் மண்ணில் 2.65. பரும அடர்த்தியை 2.65ஆல் வகுத்து, 1இலிருந்து கழித்தால் மொத்தத் துளைவெளி வரும். மக்கு மிக அதிகமுள்ள மண்ணில் இந்த 2.65 சற்றுக் குறையும், இரும்பு மிகுந்த செம்புறை மண்ணில் சற்றுக் கூடும். சாதாரண நெல் வயலில் அது பெரிதாகப் பாதிக்காது.

பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் மொத்தத் துளைவெளி மட்டும் இறுக்கத்தைச் சரியாகக் காட்டாது. மண்ணை அழுத்தும்போது முதலில் நசுங்குவது பெரிய துளைகள். சின்னத் துளைகள் அப்படியே இருக்கும், அவற்றில் தண்ணீர் நிரம்பி நிற்கும். ஆகவே ஈர எடையிலிருந்து உலர் எடையைக் கழித்து, வந்த கிராமை வளையத்தின் கனஅளவால் வகுத்து, அந்தத் தண்ணீரின் பங்கை மொத்தத் துளைவெளியிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவது காற்று நிரம்பிய வெளி. மண் நனைந்து இரண்டு மூன்று நாள் வடிந்த நிலையில் இது 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வேர் மூச்சு முட்டும். ஆக்சிஜன் தண்ணீர் வழியே பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு குறைவு என்பதுதான் காரணம்.

நீர் ஊடுருவும் வேகம்: இரட்டை வளையம்

உள் வளையம் 30 செ.மீ. விட்டம், வெளி வளையம் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. வெளி வளையத்துக்கு 200 லிட்டர் பேரலை 25 செ.மீ. உயரத்துக்கு வெட்டினால் போதும். உள் வளையத்தை 2 மி.மீ. தகட்டில் வளைத்துப் பற்றவைக்கலாம். வெளி வளையத்துத் தண்ணீர் பக்கவாட்டில் பரவிப் போகட்டும், உள் வளையத்துத் தண்ணீர் நேராகக் கீழே இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு. அளப்பது உள்ளே மட்டும்.

இடத்தில் உள்ள வைக்கோலையும் தாளையும் கத்தரியால் மட்டமாக வெட்டுங்கள், பிடுங்க வேண்டாம். மேல் பொருக்கையும் சுரண்ட வேண்டாம். அதுவும் அளக்க வேண்டிய மண்ணின் ஒரு பகுதிதான். வளையத்தின் மேல் பலகை வைத்துச் சம்மட்டியால் 10 செ.மீ. இறக்குங்கள். உள்விளிம்பை ஒட்டி விழுந்த கீறலை விரலால் மண் தள்ளி மெதுவாக மூடுங்கள். இங்கே கசிவு இருந்தால் முழுக் கணக்கும் வீண். உள் வளையத்தின் தண்ணீர் தொடக்கத்திலிருந்தே ஒரே வேகத்தில் விறுவிறுவென்று இறங்கி, வெளியே குமிழி வந்தால் கசிகிறது என்று அர்த்தம். அதைப் பெயர்த்து வேறிடத்தில் அடிக்கவும்.

உள்ளே ஒரு பாலித்தீன் தாளை விரித்து அதன் மேல் தண்ணீர் ஊற்றி, பிறகு தாளை உருவுங்கள். நேராகக் கொட்டினால் மேல்மண் கலங்கி, நுண்மண் படிந்து துளையை அடைக்கும். இரண்டு வளையத்திலும் 7 செ.மீ. உயரத்துக்கு ஒரே மட்டத்தில் நிறுத்துங்கள். நாளை எந்தத் தண்ணீரைப் பாய்ச்சப் போகிறீர்களோ அதே தண்ணீரை ஊற்ற வேண்டும். களர்த்தன்மையுள்ள மண்ணில் உப்பில்லாத மழைநீரை ஊற்றினால் களி கரைந்து பிரிந்து வேகம் குறைவாக வரும்.

ஸ்கேலில் மட்டம் எவ்வளவு இறங்கியது என்று பார்க்கலாம். வேகம் குறைந்த மண்ணில் அதைவிட நல்ல வழி, அளவுக் குவளையால் பழைய மட்டம் வரை நிரப்பி, ஊற்றிய மி.லி.யை எழுதுவது. 30 செ.மீ. வளையத்தின் பரப்பு 707 சதுர செ.மீ. ஆகவே 707 மி.லி. ஊற்றினால் 10 மி.மீ. இறங்கியது, 71 மி.லி. என்றால் 1 மி.மீ. முதல் அரை மணி நேரம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, பிறகு அரை மணிக்கு ஒருமுறை. நடுவில் உள் மட்டம் 2 செ.மீ.க்கு மேல் இறங்கவிடாதீர்கள், வெளி மட்டத்தையும் கூடவே சரிசெய்து வாருங்கள். களி கலந்த வண்டலுக்கு 50 லிட்டர் தண்ணீர் போதும், மணலுக்கு அதைப்போல் மூன்று மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது நிறுத்துவது? அடுத்தடுத்த இரண்டு அரை மணி நேரமும் ஒரே அளவு இறங்கினால். அந்த நிலைத்த வேகம்தான் மண்ணின் தன்மை. முதல் பத்து நிமிடத்தின் வேகம் மண் எவ்வளவு காய்ந்திருந்தது என்பதைத்தான் பெரும்பாலும் சொல்லும். வெடிப்புள்ள கரிசலில் முதலில் தண்ணீர் விழுங்கப்பட்டு, மண் உப்பியதும் நின்றுபோவது இதனால்தான். முதல் ஒரு மணி நேரத்தோடு எழுந்து போனவர்களின் கணக்கு எப்போதும் வயலை உள்ளதைவிட நல்லதாகக் காட்டும். மத்தியான வெயிலில், மணிக்கு 3 மி.மீ.க்குக் குறைவாக இறங்கும் மண்ணில், ஆவியாவதும் கணக்கைக் கெடுக்கும். வளையத்தை மூடி வைக்கவும் அல்லது காலையில் ஆரம்பிக்கவும்.

ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் பாசனக் கையேடு நிலைத்த வேகத்துக்குத் தரும் வரம்பு: மணலில் மணிக்கு 30 மி.மீ.க்கு மேல், களி கலந்த வண்டலில் 5 முதல் 10, களியில் 1 முதல் 5. ஒரே வயலில் இரண்டு இடங்கள் இரு மடங்கு வேறுபடுவது சாதாரணம். ஒரு நண்டு வளையோ மண்புழு வளையோ போதும், எண் எகிறிவிடும். மூன்று இடமாவது அளந்து, சராசரி போடாமல் நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வயலின் கணக்கு

களி கலந்த வண்டல், இருபோக நெல், அடுத்து கத்தரி போடலாமா என்று யோசனை என்று வைத்துக்கொள்வோம். கத்தி 18 செ.மீ.யில் நின்று 25 செ.மீ.யில் மறுபடி இளகியது. மேலே சொன்ன 231 கன செ.மீ. வளையத்தால் மூன்று ஆழத்தில் மாதிரி எடுக்கிறோம்.

| ஆழம் | ஈர எடை | உலர் எடை | பரும அடர்த்தி | துளைவெளி | தண்ணீர் | காற்று |
|---|---|---|---|---|---|---|
| 5–11 செ.மீ. | 389 கி. | 312 கி. | 1.35 | 49% | 33% | 16% |
| 18–24 செ.மீ. | 460 கி. | 388 கி. | 1.68 | 37% | 31% | 6% |
| 35–41 செ.மீ. | 418 கி. | 344 கி. | 1.49 | 44% | 32% | 12% |

நடு வரிசையைக் கவனியுங்கள். பரும அடர்த்தி 1.68. வேர் தடைபடும் எல்லையான 1.75ஐ இன்னும் தொடவில்லை. அந்த எண்ணை மட்டும் வைத்திருந்தால் சமாளிக்கலாம் என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் தண்ணீரின் பங்கு மூன்று அடுக்கிலும் கிட்டத்தட்ட ஒன்று, 31இலிருந்து 33 வரை. குறைந்தது பெரும்பாலும் காற்றின் பங்குதான், 16இலிருந்து 6க்கு. அதாவது அழிந்தவை பெரிய துளைகள். கத்தரி வேர் இந்த 7 செ.மீ. தட்டைத் துளைக்க முயன்றாலும் அதற்குள் மூச்சுவிட முடியாது.

இப்போது நீர். வயல் மேற்பரப்பில் இரட்டை வளையம் வைத்தால், முதல் பத்து நிமிடத்தில் 15 மி.மீ., அடுத்த பத்தில் 7, அடுத்த பத்தில் 5. அரை மணியில் 27 மி.மீ. இறங்கியாயிற்று. அடுத்த அரை மணியில் 7, அதற்கடுத்து 3, பிறகு 1.5, மறுபடி 1.5. நிலைத்த வேகம் மணிக்கு 3 மி.மீ.

இந்த வரிசையில் ஒரு திருப்பம் ஒளிந்திருக்கிறது. தட்டுக்கு மேலே இருக்கும் 18 செ.மீ. மண்ணில் காற்று 16 சதவீதம். 180 மி.மீ. × 0.16 என்றால் 29 மி.மீ. தண்ணீர் பிடிக்க இடம். வளையத்தில் வேகம் சரியத் தொடங்கியதும் 27க்கும் 34க்கும் நடுவில்தான். மேல்மண் நிரம்பியது, தண்ணீர் தட்டை முட்டியது, அதன் பிறகு இறங்குவது தட்டின் வேகத்தில் மட்டும். இரண்டு தனித்தனி அளவுகள் ஒரே இடத்தைச் சுட்டும்போது கணக்கை நம்பலாம். வேகம் சரிந்தது 5, 10 மி.மீ.யிலேயே என்றால் தடை தட்டில் இல்லை, மேல் பொருக்கில் இருக்கிறது. அதற்கு வைத்தியம் வேறு, ஆழ உழவு அங்கே வீண் செலவு.

உறுதி செய்ய இன்னும் ஒரு வேலை இருக்கிறது, பலரும் தவிர்ப்பது. குழிக்குப் பக்கத்தில் மேல்மண்ணை அகற்றி, தட்டின் மேலேயே உள் வளையத்தை 3 செ.மீ. அளவுக்கு மட்டும் இறக்கி, வெளிப்பக்கம் களி பூசி அளக்கிறோம். தொடக்கம் முதலே மணிக்கு 2 மி.மீ. பிறகு தட்டையும் வெட்டி எடுத்து, 26 செ.மீ. ஆழத்தில் அளக்கிறோம். அங்கே நிலைத்த வேகம் மணிக்கு 11 மி.மீ. ஒற்றை வளையம் என்பதால் இவை சற்றுக் கூடுதலாகவே வந்திருக்கும், ஆனால் 2க்கும் 11க்கும் உள்ள தூரத்தை அது மாற்றாது. அடிமண் தண்ணீரை விடத் தயாராக இருக்கிறது, நடுவில் 7 செ.மீ. மண் மட்டும் தடுக்கிறது.

துளைவெளி 44இலிருந்து 37க்குத்தான் குறைந்தது, வேகம் மட்டும் ஏன் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது என்ற கேள்வி எழும். ஒரு துளையின் விட்டம் பாதியானால் அதன் வழியே போகும் தண்ணீர் பாதியாவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிறது. பெரிய துளைகள் மொத்த வெளியில் சிறு பங்கு, ஆனால் தண்ணீரில் பெரும்பங்கை அவைதான் கடத்துகின்றன. பரும அடர்த்தியில் சின்னதாகத் தெரியும் மாற்றம் நீரில் பெரிதாகத் தெரிவது இதனால்தான். இறுக்கத்தை முதலில் காட்டிக்கொடுப்பது எப்போதும் வளையத்துத் தண்ணீர்தான்.

இதை வைத்து என்ன செய்வது

அடுத்த போகமும் நெல் என்றால் எதுவும் செய்ய வேண்டாம். அந்தத் தட்டை உடைத்தால் தண்ணீர் நிற்காது, மறுபடி தட்டு உருவாகும் வரை பாசனச் செலவு ஏறும்.

கத்தரிக்கோ வாழைக்கோ நிரந்தரமாக மாறுவதானால் உளிக்கலப்பை. கொழு தட்டின் அடியைத் தாண்டி ஓட வேண்டும், இந்த வயலில் தட்டு 25 செ.மீ.யில் முடிவதால் 30 செ.மீ. ஆழம். சால்களுக்கு இடையே 50 செ.மீ., முதலில் ஒரு திசையில், பிறகு குறுக்கே. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அடிமண் இறுக்கத்துக்குப் பரிந்துரைப்பதும் இதே இடைவெளிதான், கூடவே எக்டேருக்கு 12.5 டன் தொழுவுரமோ மக்கிய தென்னைநார்க் கழிவோ. உழும் நாளில் தட்டின் ஒரு துண்டைக் கையில் பிசைந்து பாருங்கள். நொறுங்கினால் ஓட்டலாம். பிசுபிசுத்தால் காத்திருங்கள், ஈரத்தில் ஓட்டினால் உளி மண்ணை உடைக்காமல் கீறிக்கொண்டு போய்ச் சால் சுவரை மெழுகிவிடும். அளவெடுக்க உகந்த பதமும் ஆழ உழவுக்கு உகந்த பதமும் ஒன்றல்ல. அளப்பது தை, மாசியில் என்றால் உடைப்பது சித்திரையில்தான்.

மறு அளவை உழுத மறுநாள் எடுக்காதீர்கள். புரட்டிய மண் எங்கே அளந்தாலும் அழகான எண்ணைத் தரும். ஒரு போகத்து மழையும் பாசனமும் மண்ணை அமர்த்திய பிறகு, அதே மூன்று இடத்துக்குப் பக்கத்தில், அதே ஈரத்தில், அதே மூன்று ஆழத்தில் எடுங்கள். வளையத்தை உளிச் சாலின் மேல் ஒன்றும் இரண்டு சாலுக்கு நடுவில் ஒன்றுமாக வைக்கவும். சாலில் மட்டும் வேகம் ஏறி நடுவில் பழைய 3 மி.மீ.யே இருந்தால், தட்டு கோடு கோடாக மட்டும் கிழிந்திருக்கிறது, குறுக்கு உழவு ஆழம் எட்டவில்லை. இரண்டு இடத்திலும் 3 என்றால் மெழுகிவிட்டது அல்லது அதன் பிறகு ஈர மண்ணில் டிராக்டர் ஏறியிருக்கிறது. நடுவிலும் 7, 8 மி.மீ.யைத் தாண்டி, 18–24 செ.மீ. அடுக்கில் காற்று 10 சதவீதத்துக்கு மேல் வந்திருந்தால் தட்டு உடைந்துவிட்டது.